ஆல்பத்தில் இல்லாத அம்மாவை நெகட்டிவில் தேடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ரிசப்ஷன் மேடையின் திரையில் ஓட்டச் சின்ன வயதுப் படங்கள் வேண்டும் என்று மகன் பரணிலிருந்து ஆல்பங்களை இறக்கினான். ஒன்பது ஆல்பம். செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்து, இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் அடுக்களை வாசலில் வந்து நின்றான். "அம்மா, நீ எங்கம்மா?" என்றான். எதைக் கேட்கிறான் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

என் கல்யாண ஆல்பத்தைத் தவிர்த்துவிட்டால், வீட்டில் இருந்த 812 படங்களில் ஒன்றில்கூட என் முகம் இல்லை. 1993-இல் என் தம்பி வாங்கிக் கொடுத்த கேமரா அது. மகளின் முதல் மொட்டை, மகனின் காதுகுத்து, குற்றாலத்துச் சாரல் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் நான்தான் எடுத்தேன். எடுத்தவள் படத்தில் இருக்க மாட்டாள்தான். ஆனாலும் 812-க்கு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தபோது நெஞ்சு கனத்துப் போனது.

அப்புறம் மூன்று மாதம் தேடினேன். கிடைத்தேன். தேடிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் கேமராவைப் பிடித்தபடியே இருந்த ஒருவர் இருப்பார். அம்மாவோ சித்தியோ பெரியப்பாவோ, யாருக்கும் இதே வழிதான்.

முதலில் ஆல்பத்தை மூடிவிடுங்கள்

ஆல்பத்தில் இருப்பது எடுத்த படமெல்லாம் இல்லை, பிரிண்ட் போட்ட படம் மட்டும். ஃபிலிம் காலத்தில் ரோலைக் கழுவிய பிறகு நெகட்டிவைக் குழல்விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்து, ஆடிப்போனது வேண்டாம், கண் மூடியது வேண்டாம், இருட்டாக இருப்பது வேண்டாம் என்று கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பிரிண்ட் போடச் சொல்வோம். ஒவ்வொரு பிரிண்டுக்கும் காசு.

இப்போது யோசித்துப் பாருங்கள். எப்போதும் படம் எடுக்கிறவளை யார் எடுத்திருப்பார்கள்? கேமரா பிடித்தே பழகாத வீட்டுக்காரர். "நான் ஒண்ணு எடுக்கேன்" என்று பிடுங்கிக்கொண்ட ஐந்து வயதுப் பையன். அவர்கள் எடுத்தது சாய்ந்திருக்கும், ஆடியிருக்கும், தலை வெட்டுப்பட்டிருக்கும். அதனால் அந்தப் படங்கள்தான் முதலில் கழிந்தன. கழித்தது யார் என்றால், ஸ்டூடியோவுக்குப் போய் நின்ற நான்தான். ஆகவே தேட வேண்டிய இடம் நெகட்டிவ் கவர்.

வீட்டில் நெகட்டிவ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேப் கொடுத்த காகித உறைக்குள், ஆல்பத்தின் பின்னட்டைப் பைக்குள், பீரோவில் பத்திரக் கட்டோடு என்று எங்காவது கிடக்கும். தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால், கீழே 'அடுத்தவர் ஆல்பம்' என்று எழுதியிருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

தொடுவதற்கு முன்னால்

எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். துவைத்த துணியே காயாது. அந்த மாதங்களில் நெகட்டிவைப் பிரிக்காதீர்கள். ஈரப்பதத்தில் ஃபிலிமின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகி, உறையோடு ஒட்டிக்கொள்ளும். நான் தை பிறந்த பிறகுதான் எடுத்தேன்.

ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நடுவில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதியும். தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் ரப்பர் பல்பை அமுக்கிக் காற்றடித்தால் போதும்.

இரண்டு நோயைக் கவனிக்க வேண்டும். ஒன்று பூஞ்சை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரியும். ஈரத் துணியால் துடைக்க மட்டும் கூடாது, ஏனென்றால் பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு வந்துவிடும். அப்படியே படி எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த இடத்தில் வையுங்கள். இன்னொன்று, உறையைத் திறந்ததும் வினிகர் போலப் புளித்த வாடை அடிப்பது. ஃபிலிமின் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த உறையைத் தனியே எடுத்து வையுங்கள், மற்றவற்றையும் அது கெடுக்கும். முதலில் படி எடுக்க வேண்டியதும் அதைத்தான். இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பழைய ஃபிலிம் வேலை தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

ஓரத்து எண்ணைப் படியுங்கள்

நெகட்டிவின் ஓரத்தில், துளைகளை ஒட்டிச் சின்னதாக எண் இருக்கும். 1, 1A, 2, 2A என்று போகும். A இல்லாத எண்ணோ A உள்ள எண்ணோ, படத்துக்கு நேராக எது வருகிறதோ அதுதான் அந்தப் பிரேமின் எண். எழுத்து நேராகப் படிக்கும்படி பிடித்தால் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்த்திருக்கும், படமும் இடவலம் மாறாமல் இருக்கும்.

ஒரு காகிதத்தில் எண்களை வரிசையாக எழுதுங்கள். ஆல்பத்தில் இருக்கும் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிரிண்ட் உள்ள எண்களை அடித்துக்கொண்டே வாருங்கள். சில லேப்கள் பிரிண்டின் முதுகிலேயே மங்கலாகப் பிரேம் எண்ணை அடித்திருக்கும். அது இருந்தால் வேலை பாதியாகும். கடைசியில் அடிபடாமல் நிற்கும் எண்கள்தான் நமக்கு வேண்டும்.

நெகட்டிவில் முகம் தெரியாதே என்று மலைக்க வேண்டாம். போனின் செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி பகுதிக்குள் Color inversion என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு, கேமராவைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த நெகட்டிவைப் பாருங்கள். கறுத்த முகங்கள் திரையில் ஆட்களாக மாறும். நிறம் நீலம் பாய்ந்திருக்கும், ஆள் அடையாளம் தெரிந்தால் போதும். இது பார்க்க மட்டும்தான். சேமித்த படம் நெகட்டிவாகவேதான் இருக்கும்.

ஒரு ரோலின் கதை

எங்கள் ரோல்களில் ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். 1999 ஓணத்துக்குப் புனலூரில் இருக்கும் மதினி வீட்டுக்குப் போனபோது எடுத்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இன்றுவரை நடக்கிறது. 1904-இல் ஓட ஆரம்பித்த மீட்டர் கேஜ் ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பகவதிபுரம் தாண்டிக் குகை, ஆரியங்காவு, கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம், தென்மலை, புனலூர். 2010-இல் அந்த வண்டியை நிறுத்தி, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். அந்தப் பழைய வண்டியில் நாங்கள் போன படங்கள் என்பதாலேயே அந்த ஆல்பத்தைப் பிள்ளைகள் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்கள்.

36 படம் என்று போட்ட ரோலில் 0 முதல் 36 வரை, ஆக 37 பிரேம் விழுந்திருந்தது. ஆல்பத்தில் 29. அடிபடாமல் நின்றவை எட்டு: 0, 9, 14, 15, 22, 31, 35, 36.

இந்த எட்டிலும் நான் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. 9 குகைக்குள் எடுத்த வெறும் இருட்டு. 14 ஓடும் வண்டியிலிருந்து ஆடிப்போன மரம். 15-இல் லென்ஸை மறைத்த என் விரல். 31-இல் மதினி கண்ணை மூடியிருக்கிறார். 35 என்பது 34-ஐப் போலவே இன்னொன்று. மிச்சம் மூன்று.

0-ஆம் பிரேம். ஃபிலிம் போடும்போது கேமராவின் முதுகைத் திறந்திருப்பதால் ரோலின் முனையில் வெளிச்சம் படும். மூடியதும் இரண்டு மூன்று தடவை வெறுமனே அமுக்கி நகர்த்துவோம். எங்கள் வீட்டில் அதைச் செய்வது அவர். அன்றைக்குத் திண்ணைப் பக்கம் திருப்பி அமுக்கியிருக்கிறார். பாதி எரிந்துபோய், நெகட்டிவில் கறுப்பாக, படத்தில் வெள்ளையாக இருக்கிறது. மீதிப் பாதியில் நான் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கிறேன். வாயில் ரிப்பனின் ஒரு முனையைக் கடித்துப் பிடித்திருக்கிறேன். எனக்கு அப்போது 31 வயது. அந்தப் பச்சை ரிப்பன்கூட நினைவிருக்கிறது.

36-ஆம் பிரேம். ரோல் முடிந்தால்தான் கழுவக் கொடுக்க முடியும் என்பதால், கடைசி ஒன்றிரண்டை யாராவது "முடிச்சிரு" என்று எதையாவது எடுத்து முடிப்பார்கள். மதினி எடுத்திருக்கிறார். கொல்லையில் அத்தப்பூவுக்குத் தும்பை பறித்துவிட்டு நான் நிமிர்கிறேன். ரோலின் கடைசி முனை என்பதால் ஒரு கால்வாசி இல்லை. முகம் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் லேப் நான்கு நான்கு பிரேமாக வெட்டிக் கொடுத்திருந்தது. 37-ஐ நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்தக் கடைசிப் பிரேம் ஒற்றைத் துண்டாக உறையின் அடியில் மடங்கிக் கிடந்தது. குப்பை என்று உதறியிருந்தால் போயிருக்கும். உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்காமல் மூடாதீர்கள். ஒவ்வொரு ரோலிலும் முதல் பிரேமையும் கடைசிப் பிரேமையும் முதலில் பாருங்கள். கேமரா உரியவர் கையில் இல்லாத நேரம் பெரும்பாலும் அவை இரண்டும்தான். என் 24 ரோல்களில் நான் கிடைத்தது 17 பிரேமில். அதில் 11 முதலிலோ கடைசியிலோ இருந்தவை.

22-ஆம் பிரேமைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பிரிண்ட் உள்ளதையும் விடாதீர்கள்

அடித்த எண்களையும் ஒருமுறை பாருங்கள், ஓரங்களை மட்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு பிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். 3.5-க்கு 5 அங்குலக் காகிதத்தின் வடிவம் அதைவிடக் கொஞ்சம் குட்டை. அதில் பிரிண்ட் போட்டால் நீளவாக்கில் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 1.7 மில்லிமீட்டர் வெட்டுப்படும். 4-க்கு 6 அங்குலத்தில் கணக்கு ஒத்துப்போகும், ஆனாலும் லேப் மெஷின் வெள்ளை விளிம்பு விழாமல் இருக்கச் சற்றே பெரிதாக்குவதால் ஓரம் போகும்.

1.7 மில்லிமீட்டரில் என்ன இருந்துவிடும் என்று நானும் நினைத்தேன். அதே ஓண ரோலில் 27-ஆம் பிரேம், ஓண விருந்து இலையில் வரிசையாக எல்லாரும் உட்கார்ந்திருக்கும் படம். அவர் இந்த முனையிலிருந்து எடுத்தது. பிரிண்டில் வலது கோடியில் ஒரு முழங்கையும் ஓலன் வாளியும் தெரியும். இருபது வருடமாக அதை மதினியின் கை என்றே நினைத்திருந்தோம். நெகட்டிவில் அந்தக் கைக்கு மேலே என் முகம். கடைசியில் நிற்கிற ஆளின் முகம் ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, வெட்டுப்பட்ட பட்டைக்குள் முழுதாக அடங்கிவிட்டது.

படி எடுப்பது

ஆபீஸ் ஸ்கேனரில் நெகட்டிவை வைத்துக் கறுப்பாக வருகிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். காகிதத்துக்கு வெளிச்சம் முன்னாலிருந்து பட்டால் போதும், நெகட்டிவுக்குப் பின்னாலிருந்து ஊடுருவ வேண்டும். ஃபிலிம் ஸ்கேன் வசதி உள்ள ஸ்கேனரில்தான் அது வரும். ஸ்டூடியோவில் கொடுப்பதானால் 2400 டிபிஐ என்று கேளுங்கள். சுமார் 3400-க்கு 2270 புள்ளி கிடைக்கும், 8-க்கு 10 அங்குலம் வரை பிரிண்ட் போடத் தாங்கும்.

வீட்டில் போனிலேயே எடுக்கலாம். ஒரு டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வையுங்கள். நெகட்டிவை நேராகத் திரைமேல் வைத்தால் திரையின் புள்ளிகள் வலை மாதிரி படத்தில் விழும். இரண்டு தீப்பெட்டிகளைப் படுக்க வைத்து, அதன்மேல் சின்னக் கண்ணாடித் துண்டு, அதன்மேல் நெகட்டிவ். அந்த இடைவெளியில் புள்ளிகள் மங்கிப் போகும். நான்கு பக்கமும் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். ரொம்பக் கிட்டே போனால் போன் ஃபோகஸ் ஆகாது. தெளிவாகும் தூரத்தில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிறம். கலர் நெகட்டிவில் ஆரஞ்சு நிறப் பூச்சு ஒன்று உண்டு. வெறுமனே தலைகீழாக்கினால் படம் முழுக்க நீலமாக வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சரிசெய்து திரும்பச் சேர்க்க வேண்டும். மகன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தது இந்த ஒரு வரி. ImageMagick என்ற இலவச மென்பொருளில் வேலை செய்யும்:

```
magick neg22.jpg -negate -separate -normalize -combine pos22.jpg
```

இதைக் கொடுப்பதற்கு முன்னால் ஓரத்துத் துளைகளையும் எண்களையும் வெட்டி, படம் மட்டும் இருக்கும்படி வையுங்கள். துளை வழியாக வரும் வெள்ளை வெளிச்சத்தைப் படத்தின் பகுதி என்று எடுத்துக்கொண்டு கணக்கு தப்பிவிடும். எனக்கு முதல் நாலு படம் அப்படித்தான் வெளிறிப் போனது. 0-ஆம் பிரேம் மாதிரி பாதி எரிந்ததில் எரிந்த பக்கத்தையும் வெட்டிவிட்டுக் கொடுங்கள். முழுப் படத்தையும் தனியாக ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் ஆல்பம்

நம் வீட்டுக் கேமராவுக்கு முன்னால் வராதவர், அடுத்த வீட்டு விசேஷத்தில் விருந்தாளி. அங்கே யாரோ எடுத்திருப்பார்கள். ஆனால் "என் போட்டோ இருக்கா?" என்று கேட்டால் தேடிவிட்டு இல்லை என்பார்கள், பொய்யில்லை. எல்லாரும் நடுவில் நிற்பவர்களைத்தான் பார்ப்பார்கள். "அந்தக் காதுகுத்து ஆல்பத்தை முழுசா ஒவ்வொரு பக்கமாப் போன்ல எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். பின்னால் பந்தி விசாரிப்பவர், தொட்டிலாட்டுபவர், வாசலில் செருப்பு மாட்டுபவர் என்று நீங்களே தேடிக்கொள்ளலாம். புனலூர் மதினி அனுப்பிய 40 பக்கங்களில் எனக்கு 6 கிடைத்தது.

பசைத்தாள் ஆல்பமாக இருந்தால் படத்தைப் பிய்த்தெடுக்கச் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போன படத்தை இழுத்தால் முகம்தான் முதலில் உரியும். உறையோடு, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும்.

எழுதி வையுங்கள்

கிடைத்த படங்களை ஆல்பத்தில் அவற்றின் இடத்தில் சேர்த்தோம். கூடவே பழைய 812-க்கும் எடுத்தவர் பெயரை மகன் எழுதினான். கலர் பிரிண்டின் முதுகு பிளாஸ்டிக் பூசியது, பென்சில் பிடிக்காது. பால் பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். காயாத மை அடுத்த படத்தில் ஒட்டும். அழியாத பிக்மென்ட் மைப் பேனாவால் ஓரத்தில் மெல்ல எழுதி, பத்து நிமிடம் விரித்துக் காய வைத்து, அப்புறம் உள்ளே செருக வேண்டும். அதுவும் முடியாவிட்டால் உறையின் கீழே சின்னச் சீட்டு.

இனி எடுக்கும் படங்களுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு. விசேஷத்தில் கேமரா பிடிப்பவர் ஒருமுறையாவது போனை இன்னொருவர் கையில் கொடுத்து, தான் நின்ற இடத்திலேயே அவரை நிறுத்தி, மூன்று படம் எடுக்கச் சொல்ல வேண்டும். தன் படம் நன்றாக இல்லை என்று அவரே அழிக்கக் கூடாது. அழிக்கும் உரிமை மற்றவர்களுக்குத்தான். நான் ஸ்டூடியோவில் நின்று என்னையே கழித்தது போல இனி நடக்க வேண்டாம்.

இப்போது அந்த 22. தென்மலை ஸ்டேஷனில் மகன் எடுத்தது, அவனுக்கு அப்போது ஐந்து வயது. தலை இல்லை. இடுப்பிலிருந்து கீழே மாம்பழ நிறச் சேலை, அதன் ஈரமான கரை, என் வலது கையில் அவனுடைய ஒற்றைச் செருப்பு. அவன் அன்றைக்கு அதைத் தொலைத்துவிட்டு அழுததும், நான் தண்டவாளத்து ஓரம் போய் எடுத்து வந்ததும் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. மேடைத் திரைக்கு இது வேண்டாம், முகமே இல்லையே என்றேன். அவன் கேட்கவில்லை. "அந்த உயரத்துல இருந்து பார்த்தா நீ இப்படித்தாம்மா தெரிஞ்ச" என்றான். 21-க்கும் 23-க்கும் நடுவில் செருகி, கீழே சீட்டில் எழுதினான்: எடுத்தது, தம்பி. இருப்பது, அம்மா. தென்மலை, 1999.